இடப்பக்கப் பூக்கடை வலப்பக்கம் தெரிவது ஏன்?

வீடியோ விளையாட்டுகளில் திரையின் மூலையில் ஒரு குட்டி வரைபடம் இருக்குமே, அதுதான் மினிமேப். நடுவில் அம்புக்குறியாக நீங்கள் இருப்பீர்கள். சுற்றிலும் கடை, எதிரி, புதையல் என்று சின்னங்கள். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களை வைத்து அப்படி ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் மடிக்கணினியோடு வந்தார்.

"அண்ணே, வடக்கே பார்த்து நின்னா எல்லாம் சரியா இருக்கு. கிழக்கே திரும்பினா இடது பக்கம் இருக்க வேண்டிய பூக்கடை வலது பக்கம் போய் உட்காருது."

"தெற்கே பார்த்தா?"

"தெற்கே சரிதான். மேற்கே மறுபடியும் தப்பு."

நோய் எதுவென்று இந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், மினிமேப் ஒரு சின்னத்தை எப்படி வைக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஜாலான் துன் சம்பந்தனில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சடியில் இருக்கும் பூக்கடை உங்களுக்குக் கிழக்கே 60 மீட்டர், வடக்கே 80 மீட்டர். கடையின் இடத்திலிருந்து உங்கள் இடத்தைக் கழித்தால் கிடைப்பவை இந்த இரண்டு எண்கள்தாம். அவற்றை நீங்கள் பார்க்கும் திசைக்கு ஏற்பச் சுழற்ற வேண்டும். பிறகு மீட்டரைப் பிக்சலாக்க வேண்டும். கடைசியாக, திரையில் எண்கள் மேலிருந்து கீழே கூடுவதால், வடக்கு மேலே வருவதற்கு ஒரு கழித்தல் குறி போட வேண்டும்.

```
rx = dE*cos(h) - dN*sin(h)
rn = dE*sin(h) + dN*cos(h)
px = 100 + rx*0.5
py = 100 - rn*0.5
```

`h` என்பது திசைகாட்டிக் கோணம்: வடக்கு 0, கிழக்கு 90. வரைபடம் 200 பிக்சல் சதுரம். ஒரு மீட்டருக்கு அரைப் பிக்சல். வடக்கே பார்த்தால் கடை (130, 60)இல், அதாவது முன்னால் சற்று வலப்பக்கம். கிழக்கே திரும்பினால் (60, 70). கடை இப்போது இடப்பக்கம் இருக்கிறது, சரி.

தம்பியின் நிரலில் `h` இருக்க வேண்டிய இடத்தில் `-h` இருந்தது. அதற்கு அவர் ஒரு காரணமும் வைத்திருந்தார்: "ஆள் இந்தப் பக்கம் திரும்பினா, உலகம் எதிர்ப்பக்கம் திரும்பணும் இல்லையா?" நியாயமான பேச்சுதான். ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் கோணம் இடஞ்சுழியாகக் கூடும், திசைகாட்டியிலோ வலஞ்சுழியாகக் கூடும். மேலே உள்ள சூத்திரம் பள்ளிக்கூடச் சூத்திரம். திசைகாட்டிக் கோணத்தை அப்படியே கொடுத்தாலே அது உலகை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். அதன்மேல் இன்னொரு கழித்தல் குறி போட்டால் ஒரே காரியத்துக்கு இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

அப்போது வரும் பிழை `h` அளவு அல்ல, அதன் இரண்டு மடங்கு. வடக்கே 0. தெற்கே 360, அதாவது ஒரு முழுச் சுற்று, பிழையே இல்லாத மாதிரி. கிழக்கிலும் மேற்கிலும் அரைச் சுற்று. பூக்கடை (140, 130)க்குப் போய்விடும், வலப்பக்கம் பின்னால். "தெற்கே பார்த்தா?" என்று கேட்டது இதற்காகத்தான். வடகிழக்கிலும் தென்மேற்கிலும் மட்டும் சரியாக இருந்து மற்ற திசைகளில் பிசகினால் அது வேறு நோய்: கோணத்தைக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளந்து, திசைகாட்டிக் கோணம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி அதற்கு முன்பே 180ஐக் கூட்டிப் பார்த்திருந்தார். கிழக்கும் மேற்கும் சரியாயின, வடக்கும் தெற்கும் கெட்டன. 90, 180 என்று கூட்டிப் பார்ப்பது மருந்துக்கடையில் கைக்கு வந்த மாத்திரையை வாங்கி விழுங்குவது மாதிரி.

அதைத் திருத்திய கையோடு வேறொன்று கிளம்பியது. கடைகளின் இடங்களை அவர் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் குறித்திருந்தார். தெருக்கோடுகளோ மலேசிய நில அளவை முறையான ஆர்எஸ்ஓ அளவில் இருந்தன. ஜிபிஎஸ் எண்களை ஆர்எஸ்ஓவுக்கு மாற்றியபோது கடைகள் எல்லாம் தென்மேற்கே ஏறத்தாழ 950 மீட்டர் நகர்ந்து, மினிமேப்பை விட்டே போய்விட்டன.

தீபகற்ப மலேசியா நேர் வடக்குத் தெற்காக இல்லை. வடமேற்காகச் சாய்ந்து கிடக்கிறது. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது நீட்டல் குறைவாக இருக்க வேண்டுமென்று, மார்ட்டின் ஹாட்டின் என்ற ஆங்கிலேய அளவையாளர் 1940களில் வகுத்த இந்த ஆர்எஸ்ஓ முறையில் நடுக்கோடும் அந்தச் சாய்விலேயே போகிறது. அந்தக் கோட்டை ஒட்டி அளந்த எண்களில் வடக்கு மேலே இருக்காது. ஆகவே கடைசியில் எல்லாவற்றையும் சுழற்றி நிமிர்த்துகிறார்கள். அந்தக் கணக்கு, மேலே பார்த்த மினிமேப் சூத்திரமேதான். நிமிர்த்தும் கோணம் 36.87 பாகை. அதன் சைன் 0.6, கோசைன் 0.8; நம் பூக்கடையின் 60, 80, 100 முக்கோணம்! மின்னணுக் கால்குலேட்டர் இல்லாத காலத்தில் கையால் பெருக்குகிறவருக்கு இதைவிட வசதியான கோணம் கிடைக்காது. போர்னியோவுக்கான கோணத்திலும் இதே இரண்டு எண்கள், இடம் மாறி.

சிக்கல் எங்கே என்றால், இதே கோடு 4 பாகை வட அட்சத்தில் வடக்கோடு செய்யும் கோணம் 36.97. உருண்டைமேல் சாய்வாகப் போகும் கோடு ஒவ்வோர் இடத்திலும் வடக்கைக் கொஞ்சம் வேறு கோணத்தில் வெட்டும். அதனால் மென்பொருளுக்கு இரண்டு கோணங்களையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்:

```
+proj=omerc +alpha=323.0257964667 +gamma=323.1301023611
```

இது முழு வரி அல்ல, கோணங்கள் உள்ள பகுதி மட்டும். தம்பியின் வரியில் `+gamma` இல்லை. அது இல்லாவிட்டால் புரோஜ் என்ற மென்பொருள் `alpha`வையே எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் பத்தில் ஒரு பாகைதான். ஆனால் சுழற்சியின் அச்சு நிலநடுக்கோட்டின் மேல், கோலாலம்பூரிலிருந்து சுமார் 525 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீளமான கதவைக் கீலருகே ஒரு மயிரிழை அசைத்தால் மறுமுனை எவ்வளவு நகரும்! பிரிக்பீல்ட்ஸ் போன்ற சின்ன இடத்தில் அது சுழற்சி மாதிரியே தெரியாது. எல்லாம் ஒரே பக்கம் தள்ளிப்போன மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் பலர் 950 மீட்டரைக் கழித்துவிட்டு வேலை முடிந்ததென்று போகிறார்கள். நான் தம்பியிடம் கிள்ளானில் ஒரு கடையைக் குறித்துவரச் சொன்னேன். ஜாலான் தெங்கு கிளானாவில் ஒன்றைக் குறித்துவந்தார். பிரிக்பீல்ட்ஸில் சரிக்கட்டிய கணக்கு அங்கே சுமார் 50 மீட்டர் பிசகியது. தூரத்தோடு பிழை மாறினால் கோணத்தில் கோளாறு. இரண்டு ஊரிலும் பிழை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். உதாரணமாக, பழைய கெர்தாவ் 1948 ஆதாரத்தில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையை ஜிபிஎஸ் எண்களாகவே எடுத்துக்கொண்டால் இந்தப் பகுதியில் எல்லா இடமும் ஏறத்தாழ 160 மீட்டர், பெரும்பாலும் கிழக்கு மேற்காக, விலகி நிற்கும்.

`+gamma` சேர்த்ததும் கடைகள் வந்துவிட்டன. ஆனாலும் பூக்கடை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் கீழே இறங்கி, எதிர்ச்சாரியில் நின்றது. பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மீட்டருக்கு அரைப் பிக்சலாக இருந்தபோது 24 மீட்டர் விலகல். ஒரு மீட்டருக்கு இரண்டு பிக்சலாக்கியபோது 6 மீட்டர். இரண்டிலும் பிக்சல் கணக்கில் 12தான். நிலத்தில் உள்ள பிழை மீட்டரில் நிலையாக இருக்கும். இது பிக்சலில் நிலையாக இருக்கிறது, ஆகவே கோளாறு படம் போடும் இடத்தில். பூக்கடைக்கு மட்டும் புதிதாக 24 பிக்சல் படம் ஒன்று போட்டிருந்தார், அதன் நடுவை அல்ல, இடது மேல் மூலையை அந்தப் புள்ளியில் வைத்து.

"அவ்வளவுதானா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு இடத்தில் `- 12` என்று தட்டினார். பூக்கடை அஞ்சடிக்குத் திரும்பியது.