கிளைகளுக்கான பில் எண் தொடரும் நிதியாண்டு அமைப்பும்

பில் எண் தொடர் என்பது ஒரு வணிக நிறுவனம் வழங்கும் விலைப்பட்டியல்களுக்கு வரிசையாக எண் இடும் முறையாகும். கடைவீதி வழக்கில் விலைப்பட்டியல் பில் எனப்படுகிறது. ஒரே நிறுவனத்தின் பல கிளைகள் தனித்தனியே பில் போடும்போது, ஒரே எண் இரு முறை வராமலும் இடையில் எண் விடுபடாமலும் இருக்கும்படி இத்தொடர் அமைக்கப்படுகிறது.

## சட்ட விதி

இந்தியாவில் இதற்கான விதி, 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 46ஆவது விதியாகும். இதன்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்; 16 எழுத்துருக்களைத் தாண்டக்கூடாது; ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரக்கூடாது. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு ஆகியவற்றை மட்டுமே பயன்படுத்தலாம். ஒரே நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது.

எண் தனித்து இருக்க வேண்டியது ஜிஎஸ்டி பதிவெண்ணுக்குள்ளேயே ஆகும். பதிவெண் மாநிலவாரியாக வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுப் பதிவெண்கள் 33 என்றும் புதுச்சேரிப் பதிவெண்கள் 34 என்றும் தொடங்கும். எனவே சென்னைக் கிளையும் புதுச்சேரிக் கிளையும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினாலும் விதிமீறல் ஆகாது. ஆனால் ஒரே பதிவெண்ணின் கீழுள்ள இரு சென்னைக் கிளைகள் அவ்வாறு செய்ய முடியாது.

## கிளைவாரித் தொடர்

எடுத்துக்காட்டாக, யானைக்கவுனியில் தலைமைக் கடையும், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கிளைகளும் கொண்ட இரும்புச் சாமான் வணிகம் ஒன்றைக் கொள்வோம். மூன்றுக்கும் ஒரே பதிவெண். மூன்று இடங்களும் ஒரே தொடரில் பில் போட்டால், இணையத் தொடர்பு அறுந்த வேளையில் இரு கிளைகள் ஒரே அடுத்த எண்ணை எடுத்துவிடக்கூடும். கிளைகளுக்கு எண்களை முன்கூட்டியே பங்கிட்டுக் கொடுத்தால், ஆண்டு முடிவில் பயன்படாத எண்கள் இடைவெளிகளாக நிற்கும். ஆகவே கிளைக்கு ஒரு தொடர் வைப்பதே எளிய வழி:

```
YK/25-26/00001
TV/25-26/00001
EN/25-26/00001
```

இவை ஒவ்வொன்றும் 14 எழுத்துருக்கள். மாறாக `INV/TVTR/2025-26/0001` என்று அமைத்தால் 21 ஆகிவிடும். ஒரே கிளையில் இரு கணினிகள் பில் போடுவதானால், இரண்டும் ஒரே எண்ணியிலிருந்து எண் பெற வேண்டும். இயலாவிடில் கணினிக்கு ஒரு தொடர் தர வேண்டும்.

## நிதியாண்டு மாற்றம்

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை நீள்கிறது. ஏப்ரல் 1 அன்று புதிய தொடர் 1இலிருந்து தொடங்கலாம். எண்ணுக்குள் ஆண்டைச் சேர்ப்பது கட்டாயமில்லை. எனினும் சேர்க்காவிட்டால் சென்ற ஆண்டின் `TV/00001`, இவ்வாண்டின் `TV/00001` ஆகிய இரண்டும் வாங்குபவரின் கணக்கில் குழப்பம் தரும்.

எந்த ஆண்டின் தொடர் என்பதைப் பில்லின் தேதியே தீர்மானிக்க வேண்டும், பதிவு செய்த நாள் அல்ல. மார்ச் 31 அன்று கையால் எழுதிய பில்லை ஏப்ரல் 2 அன்று கணினியில் ஏற்றும்போது, மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்துப் புதிய ஆண்டு எண்ணைக் கொடுத்தால் தொடர் கெடும். கையெழுத்துப் பில் புத்தகத்துக்கென்று தனித் தொடர் வைத்து, அதன் எண்ணையே கணினியிலும் ஏற்றுவது இதைத் தவிர்க்கும்.

## ரத்தும் நீக்கமும்

தவறான பில்லை ரத்து செய்யலாம், நீக்கக்கூடாது. ரத்து செய்த பில்லின் எண் பதிவேட்டில் நிற்கும். நீக்கினால் அவ்விடத்தில் இடைவெளி விழும். சில மென்பொருள்களில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. டாலி பிரைமில் தானியங்கி எண்ணிடலின்போது `Renumber Vouchers` தேர்வு செய்யப்பட்டிருந்தால், ஒரு பில்லை நீக்கியதும் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறையும். வாடிக்கையாளர் கையிலுள்ள தாளில் 58 என்றும் கணக்கில் 57 என்றும் இருக்கும். `Retain Original Voucher No.` என்ற தேர்வு இதைத் தடுக்கிறது.

மின் விலைப்பட்டியல் முறையில் விற்பவரின் பதிவெண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகிய நான்கையும் கொண்டு 64 எழுத்துரு கொண்ட குறியெண் உருவாக்கப்படுகிறது. நான்கும் ஒன்றாக இருந்தால் தளம் இரண்டாம் பில்லை ஏற்காது. ரத்து செய்த எண்ணையும் அவ்வாண்டில் மீண்டும் பயன்படுத்த முடியாது.

## சரிபார்ப்பு

ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் ஒவ்வொரு தொடருக்கும் முதல் எண், கடைசி எண், மொத்தம், ரத்தானவை ஆகியன கேட்கப்படுகின்றன. திருவொற்றியூர்க் கிளை ஒரு மாதத்தில் 212 முதல் 347 வரை பில் போட்டிருந்தால் மொத்தம் 347 − 212 + 1 = 136. மூன்று ரத்தானால் எஞ்ச வேண்டியது 133. விற்பனைப் பதிவேட்டில் 132 பில்களே இருந்தால் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது நீக்கப்பட்டதா, ஏற்றப்படாததா என்பதைப் படிவம் தாக்கல் செய்யும் முன் கண்டறிய வேண்டும். ஏற்றப்படாத பில்லானால், அதற்குரிய விற்பனையும் வரியும் அம்மாதக் கணக்கில் குறைந்திருக்கும். வாங்கியவருக்கும் அந்தப் பில்லுக்கான உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காமல் போகும்.