வரவேற்புரையில் கலைச்சொற்கள்: ஒரு கையுறை ஆலையை முன்வைத்து

வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்க வரும் குழுவினர்க்கு ஆலையில் ஆற்றப்படும் வரவேற்புரை, விழா மேடை வரவேற்புரையினின்று வேறுபட்டது. அதனைக் கேட்போர் சிறிது நேரத்தில் ஆலைக்குள் சென்று, சொல்லப்பட்டதைக் கண்ணால் காண்பர்; பின்னர் விலையும் தரமும் பேச அமர்வர். ஆதலால் அவ்வுரையிலுள்ள கலைச்சொல், காணப்போகும் பொருளை அடையாளம் காட்டவேண்டும். ஆலையால் காக்க இயலாத வாக்குறுதியாக மாறிவிடவும் கூடாது. கிள்ளானில் இயற்கை ரப்பரால் மருத்துவக் கையுறை செய்யும் ஆலை ஒன்றுக்குச் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

விளிப்பும் நன்றியும் சுருக்கமாக அமைந்தபின் உரை இவ்வாறு தொடரலாம்:

“நீங்கள் முதலில் காணவிருப்பவை, சங்கிலித் தொடரில் வரிசையாக நகரும் பீங்கான் கைகள். இவற்றைக் கை அச்சுகள் என்கிறோம். இவை முதலில் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் மூழ்கி எழும். அடுத்து ரப்பர் பாலில் மூழ்கும். முதற்கரைசலின் பெயர் உறைவிப்பான். அச்சின்மேல் ரப்பர் பாலைப் படலமாக உறையச் செய்வது அதுவே.”

இப்பகுதியில் பொருள் முதலில் வருகிறது. பெயர் பின்னர் வருகிறது. ‘உறைவிப்பான்’ என்று தொடங்கிப் பின் விளக்கினால், விளக்கம் வரும்வரை கேட்போர் அச்சொல்லிலேயே நின்றுவிடுவர். மற்றொன்றும் நோக்கத்தக்கது. நம் தோட்டப்புறங்களில் ‘பால்’ என்றாலே ரப்பர் பால்தான். சென்னை விருந்தினர்க்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டும். ஆகவே ‘ரப்பர் பால்’ என்று முழுமையாகச் சொல்வதே பொருந்தும்.

அடுத்து, உறைந்த படலம் வெந்நீர்த் தொட்டியினூடே செல்லும். இதனைக் ‘கழுவுதல்’ என்று பெயர்த்தால், கையுறையில் அழுக்குப் படிந்திருந்ததாகக் கேட்போர் எண்ணக்கூடும். அங்கு உண்மையில் நிகழ்வது, எஞ்சிய உப்பும் ரப்பர் பாலிலுள்ள கரையும் புரதங்களும் நீரில் கரைந்து வெளியேறுவது. எனவே ‘கரைத்து நீக்கல்’ என்பது தெளிவான பெயர். அப்புரதங்களே சிலர்க்கு ஒவ்வாமை உண்டாக்குபவை. இந்நிலை அவற்றைக் குறைக்குமே தவிர முற்றிலும் அகற்றாது. ‘ஒவ்வாமை தராத கையுறை’ என்று பேச்சாளர் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டால் அது பொய்யான உறுதிமொழியாகும். ஒவ்வாமையுள்ள செவிலியர் ஒருவர் அதனை நம்பி அணிந்தால் உயிருக்கே இடர் நேரலாம். ‘புரதம் குறைக்கப்பட்டது’ என்பதே சரியான தொடர்.

பெரிதும் பிழைபடும் சொல் ‘ஏ.கியூ.எல்.’ என்பது. அதனை ‘ஏற்புத் தர எல்லை’ எனத் தமிழாக்கலாம். கையுறைப் பெட்டியில் ‘1.5’ என்ற எண்ணைக் கண்டு, “நூற்றுக்கு ஒன்றரைக் கையுறையே பழுது” என்று விளக்குவோர் உண்டு. அது தவறு. அவ்வெண், மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறையைச் சுட்டுவது.

ஒரு தொகுதியில் 1,00,000 கையுறைகள் உள்ளன என்று கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி, பொது ஆய்வு நிலை 1-இல், இயல்பான ஆய்வுக்கு அதிலிருந்து 200 கையுறைகள் எடுக்கப்படும். ஒவ்வொன்றிலும் 1,000 மில்லிலீட்டர் நீர் நிரப்பித் தொங்கவிட்டு, 2 நிமிடம் கசிவு பார்ப்பர். எல்லை 1.5 எனில், 7 கையுறைகள்வரை கசிந்தாலும் தொகுதி ஏற்கப்படும். 8 கசிந்தால் மறுக்கப்படும். 200-இல் 7 என்பது நூற்றுக்கு மூன்றரை. ஆகவே “ஒன்றரை விழுக்காடு மட்டுமே” என்று கேட்ட விருந்தினர், சோதனை அறையில் 6 கசிவுகளைக் கண்டால் தம்மை ஏமாற்றிவிட்டதாகவே கருதுவார். ஆலையோ விதிப்படியே நடந்திருக்கும். இங்குப் பிழை சொல்லில் மட்டுமே உள்ளது.

ஆகவே உரையில் இவ்வாறு சொல்லலாம்: “ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, நீர் நிரப்பிக் கசிவு பார்க்கிறோம். கசிவின் எண்ணிக்கை வரம்பைக் கடந்தால் அத்தொகுதி முழுவதும் மறுக்கப்படும். அவ்வரம்பை வகுக்கும் அளவுகோலே ஏற்புத் தர எல்லை. அட்டவணையைச் சோதனை அறையில் உங்களுக்குக் காட்டுவோம்.” இதில் விழுக்காடு இல்லை, செயல் உள்ளது. எண்களுக்குரிய இடம் வரவேற்பு மேடையன்று, அட்டவணை தொங்கும் சுவர்.

மாணவர்கள் இத்தகைய உரையை எழுதிப் பழகும்போது, கலைச்சொல் வரும் தொடர்களை மட்டும் தனியே எடுத்து எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் எதிரிலும் இரு வினாக்களுக்கு விடை எழுதவேண்டும்: விருந்தினர் இதனை ஆலையில் எங்கே காண்பார்? இச்சொல்லை நம்பி அவர் எதனை எதிர்பார்ப்பார்? முதல் வினாவுக்கு விடையில்லாத சொல்லை உரையிலிருந்து நீக்கிவிடலாம். இரண்டாவதன் விடை ஆலையால் தர இயன்றதைவிட மிகுந்திருப்பின், அத்தொடரைத் திருத்தி எழுதவேண்டும்.