இரண்டு கடை, ஒரே முகவரி

கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவரும் அட்டைப்பெட்டி செய்பவரும் கூட்டுச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணையதளமும் ஒன்றாக வேண்டும். யார் பெயர் நிற்பது என்பதில்தான் முதல் சண்டை வரும். கௌரவத்தை ஓரம்கட்டிவிட்டு, கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து, ஓராண்டில் எந்தப் பெயரைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று பார்க்கலாம். பெட்டிக்காரரின் 60 பக்கங்களில் 8-க்கு மட்டுமே ஆள் வருகிறதா? அந்த எட்டும் புதிய தளத்துக்குப் போகட்டும்.

அடுத்தது பழைய முகவரிகள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய பக்கத்தைக் குறித்துக்கொண்டு, 301 என்னும் நிரந்தரத் திருப்பிவிடலைப் போட வேண்டும். ஸ்வீட் பாக்ஸ் பக்கம் புதிய ஸ்வீட் பாக்ஸ் பக்கத்துக்கே போக வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால், பெட்டி விலை பார்க்க வந்தவர் பத்திரிகை டிசைன்களைப் பார்த்து முழிப்பார். கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். ஈடான பக்கம் இல்லையென்றால் 404 காட்டிவிடுவதே மேல்.

திருப்பிவிடலைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைனை அதற்கப்புறமும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். கைவிட்டால் வேறொருவர் வாங்கலாம். பழைய மின்னஞ்சலுக்கு வரும் ஆர்டரும் பில்லும் அவர் கைக்குப் போகும்.