மறுத்த முதலீட்டாளருக்கு எழுதும் பதில்

2008-இல் ஏர்பிஎன்பி நிறுவனர்கள் ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். கேட்டது ஒன்றரை லட்சம் டாலர். அதற்குப் பத்து சதவீதப் பங்கு தரத் தயாராக இருந்தார்கள். ஐந்து பேர் மறுத்து எழுதினார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. பிரையன் செஸ்கி அந்தக் கடிதங்களை 2015-இல் வெளியிட்டார். அவற்றில் ஒருவர், இது தாங்கள் கவனம் செலுத்தும் துறை அல்ல என்கிறார். இன்னொருவர், தங்கள் கணக்குக்கு இந்தச் சந்தை போதாது என்கிறார். இரண்டும் மறுப்புதான் என்றாலும், ஒரே மாதிரி பதில் எழுதக்கூடியவை அல்ல.

முதல் வகை மறுப்புக்குக் காரணம் முதலீட்டாளரின் பக்கம் இருக்கிறது. துறை வேறு, போடும் தொகையின் அளவு வேறு, அல்லது கையிருப்பு நிதி முடியும் கட்டம். திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது மாறாது. நன்றி சொல்லி, இந்தத் துறையில் முதலீடு செய்கிற வேறு யாரையாவது தெரியுமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது வகைக்குக் காரணம் திட்டத்துக்குள் இருக்கிறது. திருத்திய திட்டம் என்ற பேச்சுக்கே அங்கேதான் இடம்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான மறுப்புகள் எந்த வகை என்று சொல்லாமலே வரும். "நல்ல முயற்சி, ஆனால் இப்போது கொஞ்சம் சீக்கிரம்" என்று எழுதுவார்கள். உண்மையைச் சொன்னால் வாதத்துக்கு வருவார்களோ என்ற தயக்கம் அதில் உண்டு. நாளைக்கு நிறுவனம் வளர்ந்துவிட்டால் திரும்பப் பேச வழி வேண்டுமே என்ற எண்ணமும் உண்டு. அதனால் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சந்தேகப்படும் இடத்தை நாமே சுட்டிக்காட்டிக் கேட்டால், ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே வரியில் சொல்வது அவருக்கும் எளிது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கடைகளுக்கு இட்லி மாவு போடும் சிறு நிறுவனம். ஒரு பாக்கெட்டுக்குக் கடைக்காரர் தருவது 42 ரூபாய். அரிசி, உளுந்து, கூலி, மின்சாரம், பை, வண்டி எல்லாம் சேர்த்துச் செலவு 34 ரூபாய். திட்டத்தில் லாபம் 8 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் புளித்துப்போய்த் திரும்பி வரும் பாக்கெட் நூற்றுக்குப் பன்னிரண்டு. நூறு பாக்கெட் செய்ய 3,400 ரூபாய். விற்ற 88 பாக்கெட்டுக்கு வருவது 3,696. மிச்சம் 296 ரூபாய், அதாவது பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. முதலீட்டாளர் எழுதியதோ, "இது பெரிதாக வளரும் என்று தோன்றவில்லை" என்பது மட்டும். அதற்கு இப்படிப் பதில் எழுதலாம்:

"வணக்கம் சார். நேரம் ஒதுக்கித் திட்டத்தைப் படித்ததற்கு நன்றி. உங்கள் முடிவு புரிகிறது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெரிதாக வளராது என்று நீங்கள் நினைத்ததற்குக் காரணம், திரும்பி வரும் சரக்கா, அல்லது ஒரு ஊருக்குள் இருக்கும் சந்தையின் அளவா? சரக்குதான் என்றால், ஆறு கடைகளில் தினசரி ஆர்டருக்கு ஏற்ப மட்டும் மாவு போட்டுப் பார்த்துவருகிறோம். அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது ஐந்தாகியிருக்கிறது. அந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் திருத்தி வைத்திருக்கிறேன். பார்க்க விருப்பம் என்றால் அனுப்புகிறேன். காரணம் வேறு என்றால் ஒரு வரி எழுதினால் போதும்."

இதில் முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சல் இல்லை, வாதமும் இல்லை. திருத்திய பதிப்பைக் கேட்காமலே இணைக்கவும் இல்லை. முப்பது பக்கம் திரும்ப வந்தால் எது மாறியது என்று தேட யாருக்கும் நேரமிருக்காது. மாறிய எண் ஒன்றுதான். அதன் விளைவும் கணக்கில் தெரிகிறது. 95 பாக்கெட்டுக்கு 3,990 ரூபாய் வந்தால் மிச்சம் 590, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் ஆறு கடை என்பது சின்னச் சோதனை. அதை மறைக்காமல் எழுதியதுதான் இந்தக் கடிதத்தின் பலம் என்பேன். அறுபது கடைக்கும் இப்படியே வரும் என்று எழுதியிருந்தால் அனுபவமுள்ளவர் உடனே பிடித்துவிடுவார்.

வரும் பதிலில் எண்ணோ, கெடுவோ இருந்தால் அதை நம்பலாம். "ஐம்பது கடையில் மூன்று மாதம் இதே கணக்கு வரட்டும்" என்றால் கதவு திறந்திருக்கிறது. "தொடர்பில் இருப்போம்" என்று மட்டும் வந்தால் அது மரியாதைக்காக. பதிலே இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பிறகு அந்த மூன்று மாதக் கணக்கு கைக்கு வந்ததும் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்காதீர்கள். பழையதன் தொடர்ச்சியிலேயே அனுப்புங்கள். அவர் என்ன சொல்லி மறுத்தார் என்பது கீழேயே இருக்கும்.