நூல் ஒன்றே முதலாக: டெக்சாஸில் ஓர் அழகு நிலையம்

பெங்களூரிலிருந்து பணி நிமித்தமாக அமெரிக்கா செல்லும் தமிழ்க் குடும்பங்களில் பல, டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரை அடுத்த இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ ஆகிய ஊர்களில் குடியேறுகின்றன. கணவர் கணினித் துறையில் பணியாற்றுவார். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பியூட்டி பார்லர் நடத்திவந்த மனைவி, அங்கும் அதே தொழிலைத் தொடங்க விரும்புவார். முகூர்த்தம், வளைகாப்பு, நவராத்திரி கொலு, தீபாவளி என்று அலங்காரத்துக்குத் தேவை அங்கும் குறைவதில்லை. ஜடைநாகத்தையும் நெற்றிச்சுட்டியையும் முறைப்படி பொருத்தத் தெரிந்த கைகளைத்தான் அங்குள்ள குடும்பங்கள் தேடுகின்றன. ஆனால் கைத்திறன் மட்டும் இருந்தால் அங்கே கடை திறந்துவிட முடியாது. எந்தச் சேவைக்கு உரிமம் வேண்டும், தொழில் செய்ய அனுமதி உண்டா, முதலீடு எந்த வழியில் சென்று சேரும் என்ற மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும்.

முதல் கேள்விக்கான விடையில் ஒரு வழக்கின் வரலாறு அடங்கியிருக்கிறது. நூலால் புருவம் திருத்தும் த்ரெட்டிங் கலை, தெற்காசியாவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறியவர்களுடன் அமெரிக்காவுக்குச் சென்றது. அதற்கு வேண்டியவை பருத்தி நூலும் பழகிய விரல்களும் மட்டுமே. வெப்பமோ இரசாயனமோ கூரிய கருவியோ தேவையில்லை. எனினும் டெக்சாஸின் உரிமத் துறை, த்ரெட்டிங் செய்பவரும் முக அழகுப் பராமரிப்புக்கான உரிமத்தைப் பெற்றாக வேண்டும் என்றது. அதற்கு 750 மணி நேரப் பயிற்சி தேவை. தனியார் பள்ளிகளில் அதற்கான செலவு 3,500 டாலர் முதல் 9,000 டாலர் வரை ஆயிற்று. அந்தப் பள்ளிகள் த்ரெட்டிங்கைக் கற்பித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவந்தவர்கள், தமக்கு வேண்டாத பாடங்களைப் பணம் கட்டிப் படிக்க வேண்டிய நிலைக்கு உள்ளாயினர்.

பாதிக்கப்பட்ட சிலர் 2009-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் அவர்கள் தோற்றனர். 2015 ஜூன் 26 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டேல் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பின் மையம் ஒரு எளிய கணக்கு. 750 மணி நேரத்தில் ஏறத்தாழ 320 மணி நேரம் த்ரெட்டிங்கின் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ தொடர்பற்றது என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஏறக்குறைய பாதிப் பயிற்சி பொருத்தமற்றதாக இருக்கையில், அதைக் கட்டாயமாக்குவது ஒருவரின் பிழைப்பின் மீது சுமத்தப்படும் தாங்கொணாச் சுமை என்று நீதிமன்றம் கருதியது.

இன்று டெக்சாஸில் த்ரெட்டிங் மட்டும் செய்ய உரிமம் தேவையில்லை. இந்த விலக்கின் எல்லையை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு மெழுகால் முடி நீக்கினாலோ ஃபேஷியல் செய்தாலோ உரிமம் தேவைப்படும். அவ்வாறான சேவைகள் நடக்கும் கடைக்கும் உரிமம் வேண்டும். மணமகள் அலங்காரம் ஒரே சேவை என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தின் பார்வையில் அது முகப்பூச்சு, சிகை அலங்காரம், சருமப் பராமரிப்பு, மருதாணி எனப் பிரிந்து நிற்கிறது. எனவே விலைப்பட்டியல் அச்சிடும் முன்னரே, அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் உரிமம் வேண்டுமா என்பதை மாநில உரிமத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாஸின் விலக்கை நம்பி வேறொரு மாநிலத்தில் கடை திறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி விசாவைப் பற்றியது. எச்-1பி விசாவில் பணியாற்றுபவரின் துணைவர் எச்-4 விசாவில் செல்கிறார். அந்த விசா மட்டும் இருந்தால் அவர் வருமானம் ஈட்டக் கூடாது. வீட்டில் ஒரு தோழிக்குக் கட்டணம் பெற்றுப் புருவம் திருத்துவதும் விதிமீறலே. கணவரின் நிரந்தரக் குடியுரிமைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், அல்லது அவர் ஆறாண்டு வரம்பைக் கடந்து நீட்டிப்புப் பெற்றிருந்தால், மனைவி தனியே விண்ணப்பித்துப் பணி அனுமதி அட்டையைப் பெறலாம். 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின்படி, அட்டை பெற்றவர் சொந்தத் தொழிலும் தொடங்கலாம்.

அட்டைக்குக் காலக்கெடு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்தாண்டு வாடகை ஒப்பந்தத்தில் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து இட்டபின், இரண்டாம் ஆண்டில் அட்டை புதுப்பிக்கப்படாமல் தாமதமானால், கடை பூட்டியிருக்கும். வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதனால் பலரும் முதலில் முழுக் கடையை எடுப்பதில்லை. ஒரே கூரையின் கீழ்ப் பல சிறு அறைகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் சலூன் சூட்டுகளில் ஓர் அறையை எடுக்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். அறை வாடகை வாரம் 300 டாலர், புருவம் திருத்தக் கட்டணம் 12 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் 25 பேர் வந்தால் வாடகை தேறும். ஒருவருக்குக் கால் மணி நேரம் எனில் அது ஏறத்தாழ ஆறேகால் மணி நேர வேலை. மணமகள் அலங்காரத்தில் ஒரே நாளில் பெருந்தொகை வரும். ஆனால் முகூர்த்தம் விடியலில் என்றால் வேலை நள்ளிரவு தாண்டித் தொடங்கும். ஒரு நாளுக்கு ஒருவரையே ஏற்க முடியும். திருமணம் இல்லாத மாதங்களும் உண்டு. ஆகவே வாடகையைத் த்ரெட்டிங் தாங்க வேண்டும். அலங்கார வருமானத்தைச் சேமிப்பாகக் கொள்ள வேண்டும். வாரந்தோறும் வரும் புருவ வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை அந்த 25-ஐத் தொடாமல் பல மாதங்கள் கடந்தால், தீபாவளிக் கூட்டத்தைக் கண்டு பெரிய கடைக்கு மாறுவது ஆபத்து.

பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருள்களிலும் கவனம் வேண்டும். சிக்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் சில கண்மைகளிலும் குங்குமங்களிலும் ஈயம் இருப்பதுண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றைக் குறித்து எச்சரித்துள்ளது. விரைவில் கருமையாகச் சிவக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைச்சாயத்துக்கான பிபிடி என்ற இரசாயனம் கலக்கப்படுவதுண்டு. அது தோலில் கொப்புளங்களையும் நிலைத்த தழும்பையும் உண்டாக்கக் கூடும். அரைத்த தூய மருதாணி முதலில் செம்மஞ்சளாகத் தோன்றி, ஓரிரு நாளில் அடர்ந்த சிவப்பாகும். ஒரு மணி நேரத்தில் கருமை தரும் கூம்பை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். த்ரெட்டிங்கில் நூலைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்யலாம். ஒவ்வொருவருக்கும் புதிய நூலையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது கேள்வி வங்கியோடு தொடர்புடையது. வெளிநாட்டில் குடியேறியவரின் இந்தியச் சேமிப்புக் கணக்கு, முதலில் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். அதிலுள்ள சொந்தப் பணத்தை, வரி தொடர்பான ஆவணங்களுடன், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுசெல்லலாம்.

பெற்றோர் அன்பளிப்பாகப் பணம் அனுப்புவதாயின், தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பான் எண்ணும் ஏ-2 படிவமும் தேவை. அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 விழுக்காடு மூல வரி வசூலிக்கப்படும். தந்தை ஒருவரே 16 லட்சம் ரூபாய் அனுப்பினால் 6 லட்சத்துக்கு 1,20,000 ரூபாய் வரி. எனவே அவர் கணக்கில் 17,20,000 ரூபாய் இருக்க வேண்டும். அந்த வரி வீணாவதில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கலில் ஈடு செய்துகொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆயினும் கடை திறக்கும் நேரத்தில் அந்தத் தொகை பல மாதங்கள் முடங்கிக் கிடக்கும். வரம்பு தனிநபருக்கு உரியது. தந்தையும் தாயும் அவரவர் சொந்தப் பணத்திலிருந்து ஆளுக்கு 8 லட்சம் அனுப்பினால் மூல வரி எழாது. வரம்பு பான் எண்ணின் அடிப்படையில் கணக்கிடப்படுவதால், வேறு வேறு வங்கிகள் வழியாகப் பிரித்து அனுப்புவதால் பயனில்லை.

பெற்றோர் அன்பளிப்பாக அன்றி, அந்த நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்து பணம் போட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அது வெளிநாட்டு நேரடி முதலீடு ஆகும். 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, அந்நிறுவனம் வரையறுக்கப்பட்ட பொறுப்பு உடையதாக இருக்க வேண்டும். மகள் தன் பெயரில் தனியாள் தொழிலாக நடத்தும் கடையில் பெற்றோர் பங்கு பெற முடியாது. எஃப்.சி. படிவம் அளித்துத் தனி அடையாள எண் பெற்ற பிறகே பணம் செல்லும். அதன்பின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை டிசம்பர் 31-க்குள் வங்கியில் அளித்துவர வேண்டும். பணத்தை அன்பளிப்பு என்று குறித்து அனுப்பிவிட்டு, பின்னர் பங்குச் சான்றிதழில் தந்தையின் பெயரைச் சேர்ப்பது அந்நியச் செலாவணி விதிமீறலாகிவிடும். அன்பளிப்பா, முதலீடா என்பதைக் குடும்பம் முதலிலேயே முடிவு செய்து, ஏ-2 படிவத்தில் அதற்குரிய நோக்கக் குறியீட்டையே குறிப்பிட வேண்டும்.

பணம் பெறும் மகளுக்கும் ஒரு கடமை உண்டு. அமெரிக்க வரிச் சட்டப்படி அந்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுபவர், வெளிநாட்டிலுள்ள ஒருவரிடமிருந்து ஓராண்டில் 1,00,000 டாலருக்கு மேல் அன்பளிப்புப் பெற்றால், அதற்கு வரி இல்லாவிடினும் 3520 எண் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு சிறு அறையில் தொடங்குபவருக்கு அவ்வளவு தொகை தேவைப்படாது. முழுக் கடைக்கு மாறும் நாளில் பெற்றோர் பெருந்தொகை அனுப்ப நேர்ந்தால், பெங்களூரில் வங்கிக் கிளையையும் டாலஸில் வரிக் கணக்காளரையும் ஒருசேரக் கலந்துகொண்ட பிறகு அனுப்புவதே முறை.