போனில் வந்த இசிஜி படம்: நாம் எதைப் படிக்கலாம், எதை டாக்டரிடம் விட வேண்டும்?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு 56 வயது அப்பாவுக்கு நெஞ்சில் பாரம் வைத்தது போல ஓர் அழுத்தம். பக்கத்து கிளினிக்கில் 6.40-க்கு இசிஜி எடுக்கிறார்கள். அம்மா அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "ஏதோ கோடு கோடா இருக்கு, கொஞ்சம் பாருப்பா."

மகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். தாளின் மேலே 'Sinus rhythm' என்று அச்சாகியிருக்கிறது. நெட்டில் தேடினால், இதயத் துடிப்பு அதன் இயல்பான இடத்திலிருந்து கிளம்புகிறது என்று அர்த்தம் வருகிறது. "நார்மல்தாம்மா, கேஸா இருக்கும்" என்று சொல்ல வாய் வருகிறது. ஆபத்து அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் தாளின் ஓரத்தைப் பாருங்கள்

கோடுகளுக்குப் போகும் முன் தாளின் ஓரத்தில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். பெயர், வயது, தேதி, நேரம் ஆகியவை சரியாக இருக்கின்றனவா? மெஷினில் கடிகாரம் தவறாக ஓடுவதும், முந்தைய நோயாளியின் பெயரே அச்சாவதும் உண்டு. தப்பாக இருந்தால், உண்மையில் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதைத் தாளிலேயே பேனாவால் எழுதச் சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். அடுத்து பார்க்கப்போகும் டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

அதே ஓரத்தில் `25 mm/s`, `10 mm/mV` என்று இருக்கும். தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடியது என்பது முதலாவது. கோட்டின் உயரம் எந்த அளவில் வரையப்பட்டது என்பது இரண்டாவது. இந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பிய போட்டோவை எந்த டாக்டராலும் நம்பிக்கையோடு படிக்க முடியாது.

துடிப்பை எண்ணலாம்

சாமானியர் பாதுகாப்பாகக் கணக்குப் போடக்கூடிய ஒரே விஷயம் துடிப்பின் வேகம். அந்த வேகத்தில் ஓடும் தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 300 பெரிய கட்டங்கள்.

உயரமாகக் குத்தி நிற்கும் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்தால் போதும். அப்பாவின் தாளில் 4 கட்டம். 300-ஐ 4-ஆல் வகுத்தால் 75. நிமிடத்துக்கு 75 துடிப்பு. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. முனைகள் ஒழுங்கில்லாமல் கிட்டயும் எட்டவும் இருந்தால் இந்த வகுத்தல் உதவாது. அப்போது வெட்டில்லாமல் தொடரும் ஒரே கோட்டில் 30 பெரிய கட்டத்துக்குள், அதாவது 6 விநாடிக்குள், எத்தனை முனை என்று எண்ணி 10-ஆல் பெருக்க வேண்டும்.

ஆனால் 75 என்பது இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் துடிப்பு 75 ஆகவே இருக்கலாம்.

பயமுறுத்தும், ஆனால் பயப்பட வேண்டாத கோடுகள்

இசிஜி என்பது ஒரே இதயத்தின் மின்சாரத்தை 12 கோணங்களிலிருந்து பார்ப்பது. அதனால் ஒரு கட்டத்தில் முனை மேலேயும் இன்னொன்றில் கீழேயும் இருக்கும். `aVR` என்று குறித்த இடத்தில் கோடு தலைகீழாக இருப்பதுதான் இயல்பு, ஏனென்றால் அது வலது தோள் பக்கமிருந்து பார்க்கும் கோணம். கோடு முழுக்க நடுங்கினால், நோயாளி குளிரில் நடுங்கியிருக்கலாம், அல்லது மார்பில் ஒட்டிய பட்டை சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். கை வயர்கள் இடம் மாறினால்கூட நலமான இதயத்தின் கோடு கோளாறுபோலத் தெரியும். இதில் எது என்று முடிவு செய்வது டாக்டர் வேலை.

தாளில் 'Unconfirmed' என்றும் இருக்கலாம். மேலே அச்சான கருத்து மெஷின் போட்ட கணக்கு, டாக்டர் இன்னும் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். மெஷின் 'Abnormal' என்று சொல்லி ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு, அதன் கண்ணுக்குத் தப்பிப்போவதும் உண்டு.

'நார்மல்' என்றால் என்ன?

இசிஜியில் ரத்தக்குழாய் தெரியாது, அடைப்பும் நேரடியாகத் தெரியாது. ரத்தம் குறைந்து இதயத் தசை தவிக்கும்போது அதன் மின்சாரத்தில் வரும் மாற்றம் மட்டுமே தெரியும். அந்த மாற்றம் வர நேரம் ஆகலாம், சிலருக்கு வராமலே போகலாம். மேலும், தாள் காட்டுவது சில விநாடிகள் மட்டுமே. 6.40-க்கு எடுத்தது 6.40-க்கான செய்தி.

அதனால்தான் வலி நிற்காதபோது டாக்டர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடியும் இசிஜி எடுக்கிறார்கள். டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்து, சில மணி நேரம் கழித்து அதைத் திரும்பச் செய்கிறார்கள். நம் உதாரணத்தில் 7.10-க்கு எடுத்த இரண்டாவது தாளில் மாற்றம் தெரிகிறது. "நார்மல்" என்ற பேச்சைக் கேட்டு அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால் அந்த இரண்டாவது தாளே இருந்திருக்காது.

மகன் செய்யக்கூடிய உருப்படியான வேலை

போன வருஷம் கண் ஆபரேஷனுக்கு முன் எடுத்த அப்பாவின் பழைய இசிஜி, மகனின் போனில் இருக்கிறது. அதைத் தேடி கிளினிக் டாக்டருக்கு அனுப்புவது எந்த விளக்கத்தையும்விடப் பயன்படும். இன்று தெரியும் மாற்றம் புதிதா, பழசா என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இசிஜி தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகை, நாளாக ஆக மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் கருத்துப்போகும். அதனால் போட்டோதான் நல்ல சேமிப்பு. தாளைச் சமமாக விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து, நாலு ஓரமும் தெரிய எடுங்கள். சாய்த்து எடுத்தால் கட்டங்கள் நீண்டு குறுகி அளவு கெட்டுவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

தூரத்திலிருந்து இசிஜியைப் பார்த்து முடிவெடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த இசிஜியைப் பெரிய மருத்துவமனை இதய மருத்துவர்களோடு இணைத்த திட்டத்தின் ஆய்வு 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வந்தது. 2,420 நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் திட்டத்துக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். அங்கே படத்தைப் படித்தது பயிற்சி பெற்ற கண், படித்த உடனே சிகிச்சைக்கு அனுப்ப வழியும் இருந்தது.

எப்போது தாளை மூடிவைத்துக் கிளம்ப வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் தாளில் என்ன எழுதியிருந்தாலும் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் மூச்சிரைப்பாகவும் வரலாம்.

2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதைக் கேட்டு வீட்டில் நாமே கொடுக்கக் கூடாது. வயிற்றுப்புண், ரத்தக்கசிவு இருப்பவர்களுக்கு அது ஆபத்தாகிவிடலாம்.

பெங்களூரிலிருந்து மகன் அம்மாவிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்குப் புரியலம்மா. அப்பாவுக்கு இன்னும் வலிக்குதா? வலிச்சா வீட்டுக்குப் போகாதீங்க. டாக்டர்கிட்ட மறுபடி இசிஜி எடுக்கணுமான்னு கேளு, பழசை இப்பவே அனுப்புறேன்."