அளவு நோட்டின் ஓரத்தில் ஒரு தேதி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேசை, சுவரில் வரிசையாகத் தொங்கும் தைத்து முடித்த ஜாக்கெட்டுகள். கடைக்காரரைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவின் மேசையில் நீளவாக்கில் ஓர் அளவு நோட்டு கிடக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். தோள், மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, முன் கழுத்து, பின் கழுத்து என்று நீல மையில் எண்கள் இறங்கும். பக்கத்தின் இடது ஓரத்தில் மட்டும் சிவப்பு மை. "14/9. டீச்சர். மகள் வளைகாப்பு, பச்சைப் பட்டு, கை பிரித்தது."

வாடிக்கையாளர்களுக்கு அக்கா அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்து முழுவதும் அந்தச் சிவப்பு மையிலிருந்துதான் வருகிறது. டீச்சருக்குச் செப்டம்பர் 14-ஆம் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் போனது இது: "டீச்சர், பிறந்தநாள் வாழ்த்துகள். மகளுக்குக் கை பிரிச்சுக் குடுத்தேனே, வளைகாப்பு அன்னிக்கு உறுத்தாம இருந்துச்சா? மகளை விசாரிச்சதா சொல்லுங்க." அவ்வளவுதான். படமில்லை, பலூன் இல்லை, தள்ளுபடி இல்லை.

இதை ஏன் யாரும் இயந்திரம் அனுப்பியதென்று நினைக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என் பிறந்தநாளுக்கு ஒரு வங்கி, ஒரு காப்பீட்டு நிறுவனம், எப்போதோ மூக்குத்தி வாங்கிய ஒரு நகைக்கடை ஆகியவை வாழ்த்து அனுப்பின. ஒன்று "அன்புள்ள எஸ்" என்று தொடங்கியது. நாம் இனிஷியலை முன்னால் போட்டுப் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். முதலில் இருப்பதுதான் பெயர் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ள, என் அப்பாவின் பெயரின் முதல் எழுத்துக்கு வாழ்த்து வந்துவிட்டது. இன்னொன்று முழுப் பெயரையும் சான்றிதழில் இருப்பதுபோல் எழுதியிருந்தது. அந்தப் பெயரால் என்னை அழைக்கும் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது.

அக்காவின் நோட்டில் பக்கத்தின் தலைப்பிலேயே கூப்பிடும் பெயர்தான் இருக்கும். டீச்சர், போஸ்ட் ஆபீஸ் மைனி, மாடி வீட்டுப் பாட்டி. கடைக்குள் நுழையும்போது வாய் எப்படி அழைக்குமோ, அதையே விரலும் தட்டுகிறது. நேரில் "வாங்க மைனி" என்பவர் செல்போனில் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்று எழுதினால், எழுதியது வேறு யாரோ என்றுதான் மைனிக்குத் தோன்றும்.

அடுத்தது அந்த ஒரு விவரம். கை பிரித்த விஷயம் டீச்சருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். வேறு எவருக்கும் அந்த வரியை மாற்றி அனுப்ப முடியாது. வாழ்த்தை எழுதியபின் அக்கா ஒரு சோதனை வைத்திருக்கிறார்: இதே வரியைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அனுப்பினால் பொருந்துமா என்று பார்ப்பார். பொருந்தினால் அழித்துவிட்டு நோட்டை மறுபடி புரட்டுவார்.

ஆனால் எந்த விவரத்தையும் எழுதிவிட முடியாது. தையல்காரரிடம் இருப்பது உடம்பின் கணக்கு. போன வருடத்தைவிட இடுப்பு இரண்டு அங்குலம் கூடியதும், ஒரு தோள் சற்று இறங்கியிருப்பதும் நீல மையிலேயே நின்றுவிட வேண்டியவை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்ததையும் அக்கா எழுதுவதில்லை. "கடைக்கு வந்து அவங்க வாயால சொன்னது மட்டும்தான்" என்பது அவர் வைத்திருக்கும் கோடு. ஊட்டிக்குப் போன படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி வாழ்த்தில் கேட்டால், வாங்குபவருக்குக் கண்காணிக்கப்படுவதுபோல் இருக்கும். அது அன்பாகப் போய்ச் சேராது.

தேதியை எப்படி வாங்குவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபாரம் நீட்டிப் பிறந்த தேதி கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். தையல் கடையில் எப்படியும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எப்போ வேணும், என்ன விசேஷம்?" பதிலில் பாதி நேரம் பிறந்தநாள் தானாக வந்து விழும். அக்கா நாளையும் மாதத்தையும் மட்டும் குறிப்பார், வருடம் கேட்க மாட்டார். வாழ்த்துக்கு வயது தேவையில்லை. எழுதும்போதே "அன்னிக்கு ஒரு வார்த்தை அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிடுவார். பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமில்லாத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் வேண்டாம் என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அத்தோடு சரி.

அப்படி வாங்கிய தேதியும் உண்மையான தேதியாக இருக்க வேண்டுமே. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களில் பலரின் சான்றிதழ் தேதி பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டது. ஜூனில் பள்ளி திறப்பதால், வயதுக் கணக்கு சரியாக வரும்படி மே, ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிடுவார்கள். நோட்டில் ஜூன் மாதம் மட்டும் ஏன் இத்தனை நெரிசல் என்று அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான், "இது ஸ்கூல் தேதியா, வீட்டுத் தேதியா?" என்று கேட்கப் பழகினார். ஆதார் அட்டையைப் பார்த்து வாழ்த்து அனுப்பும் நிறுவனங்கள், அந்த அம்மா பிறக்காத ஒரு நாளில் வருடந்தோறும் அவரை வாழ்த்திக்கொண்டிருக்கின்றன.

வீட்டுத் தேதி என்று கேட்டால் சிலர் நட்சத்திரம் சொல்வார்கள். போஸ்ட் ஆபீஸ் மைனிக்கு ஐப்பசி சதயம். தஞ்சையில் ராஜராஜ சோழனுக்குச் சதய விழா எடுக்கிறார்களே, அதே நாள். சந்திரன் ஒரு சுற்று வர ஏறக்குறைய 27 நாளாவதால், ஒரு நட்சத்திரம் தமிழ் மாதத்துக்கு ஒருமுறை, சில மாதங்களில் இருமுறை வரும். ஆங்கிலத் தேதி வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். புது வருடக் காலண்டர் கைக்கு வந்ததும் நட்சத்திரக்காரர்கள் ஏழெட்டுப் பேரின் நாளைப் பார்த்து அக்கா குறித்துக்கொள்வார். மாதத்தில் இரண்டு முறை வந்தால் அந்த வீட்டில் எதைக் கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வார். அந்த நாளில் மைனி கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது வாழ்த்து வருகிறது. எந்த மென்பொருளும் அந்தக் காலையைத் தொட்டதில்லை.

"எல்லாருக்கும் இப்படிக் கையால் எழுத முடியுமா?" என்று கேட்டேன். நோட்டில் தேதியுள்ள பக்கங்கள் ஏறத்தாழ 400. வருடத்துக்கு 365 நாள். சராசரியாக ஒரு நாளைக்கு ஒருவர். ஜூனை விட்டுவிட்டால், ஒரே நாளில் நான்கு பேர் சேருவது அபூர்வம். யாருக்குமே இல்லாத நாட்களும் நிறைய உண்டு. கடை திறந்து விளக்கேற்றியதும் ஐந்து நிமிடம் போதும். மூவாயிரம் பேர் வரும் கடைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்றாகிவிடும். அங்கே கை சோர்ந்து, எல்லாருக்கும் ஒரே வரி போக ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட கடைக்காரர் வருடத்தில் மூன்று முறையாவது வருபவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஒரே வரி போனால் என்ன ஆகும் என்பதை அக்கா பட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் வருடம், அவசரத்தில், மைனிக்குப் போன வருடம் எழுதியதையே மீண்டும் அனுப்பிவிட்டார். அக்காவும் மைனியும் இடையில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதே இல்லை. செய்தியைத் திறந்தால், அதற்குச் சற்று மேலே, அச்சுப் பிசகாமல், போன வருட வாழ்த்து. மைனி ஒன்றும் சொல்லவில்லை, "தேங்க்ஸ்" என்று மட்டும் போட்டார். முந்தைய வருடம் நாலு வரி எழுதியவர் அவர். அன்றிலிருந்து அக்கா அனுப்புவதற்கு முன் மேலே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். யாரோ அனுப்பிய பூங்கொத்துப் படத்தைத் தள்ளிவிடுவதும் கிடையாது. வாட்ஸ்அப் அதன் தலையிலேயே ஃபார்வர்டட் என்று எழுதிக் காட்டிவிடுகிறது.

தள்ளுபடியை வாழ்த்தில் சேர்க்கச் சொல்லிப் பலர் அக்காவுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு முறை செய்தும் பார்த்தார். "இந்த வாரத்துக்குள் வந்தால் 10 சதவீதம் குறைவு" என்று சேர்த்ததும், வந்த பதில்களில் வீட்டுச் செய்தி எதுவும் இல்லை. "ஃபால்ஸ் வைக்கவும் குறைப்பீங்களா?" என்ற மாதிரிக் கேள்விகள்தான். கடைசித் தேதி போட்ட வாழ்த்தை நோட்டீஸ் படிப்பதுபோல் படிக்கிறார்கள். இப்போது கொடுக்க நினைப்பதைச் செய்தியில் எழுதுவதில்லை. அடுத்த முறை வரும்போது கூலியில் கழித்துக்கொள்வதோ, கொக்கி மாற்றிய காசை வாங்காமல் விடுவதோ மேசையருகே நடந்துவிடும்.

இந்த வேலையில் மிகவும் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மாடி வீட்டுப் பாட்டிக்கு ஒரு வருடம் வழக்கம்போல் வாழ்த்துப் போனது. மாலையில் மகள் எழுதினார்: "அம்மா தவறி மூணு மாசமாச்சுக்கா." பாட்டி கடைசி ஒரு வருடம் சென்னையில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார், செய்தி தெருவுக்கு வரவில்லை. அக்கா உடனே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மகள் அழுதுவிட்டு, அம்மா தைத்துப் போட்ட கடைசி ஜாக்கெட் எது என்று கேட்டாராம். நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தது: கத்திரிப்பூ நிறப் பருத்தி, கழுத்து சிறியது.

அதன்பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஆறு மாதமாகக் கடைக்கு வராதவர்களின் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு புள்ளி. அவர்களுக்கு வாழ்த்துப் போகுமுன் தெருவில் யாரிடமாவது ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார். வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அந்த வருடம் வாழ்த்து கிடையாது. முடிந்தால் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். தானாக அனுப்பும் பட்டியலில் இந்தப் பென்சில் புள்ளிக்கு இடமில்லை. நான் இந்த வழக்கத்தின் பக்கம் முழுமனதோடு நிற்பதற்கு அந்தப் புள்ளியே காரணம்.

பதில் வந்தால் அக்கா அன்றே மறுபடி எழுதுவார். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களில் பல, எண்ணுக்குப் பதில் எழுத்துகளாலான அடையாளத்தில் வரும். அவற்றுக்குப் பதில் எழுதினால் போய்ச் சேராது. இங்கே பதிலுக்கு ஆள் இருக்கிறது.

டீச்சரின் பதில் மத்தியானம் வந்தது. நானும் அப்போது கடையில் இருந்தேன். "உறுத்தவே இல்லம்மா. நல்லபடியா ஆயிட்டு. பேரன். பத்து நாளாச்சு. குளிப்பாட்டி விட்டுட்டு இப்பதான் போனைப் பார்க்கேன்." அக்கா இரண்டு முறை வாசித்தார். "சந்தோஷம் டீச்சர், நாப்பது கழியட்டும், வந்து பாக்கேன்" என்று தட்டிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் "பேரன், செப்டம்பர் 4" என்று எழுதினார். பிறகு வெட்டும் மேசைக்கு அடியிலிருந்த பையைக் கிளறி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணியொன்றை இழுத்தார். பச்சைக் குழந்தைக்குத் தையல் உள்பக்கம் வந்தால் உறுத்தும் என்று சொல்லிக்கொண்டே, சாணளவில் ஒரு முடிச்சுச் சட்டைக்குச் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார்.